பிரித்தவர் கடைசியில் எடுக்கட்டும்

யுஜிசி நெட் தேர்வுக்கு மூவர் சேர்ந்து படிக்கிறோம். நேற்று நள்ளிரவில், கண்கள் சொருகும் நிலையில், குழுவுக்கு இச்செய்தியை அனுப்பினேன்:

“நண்பர்களே, முதல் தாளின் பத்து அலகுகளிலிருந்தும் தலா ஐந்து வினாக்கள். வாசித்துப் புரிதலைத் தனித்தனியே பழகுவோம். எஞ்சிய ஒன்பதைச் சென்ற முறை ஆளுக்கு மூன்றாகப் பிரித்தோம். எண்ணிக்கை சமம்; சுமை சமமன்று. தருக்கம், சுற்றுச்சூழல், உயர்கல்வி மூன்றும் என்னிடமே வந்தன. அனுமானம் முதலிய ஆறு பிரமாணங்களுக்கே நான்கு இரவுகள் கழிந்தன. களைத்துவிட்டேன்.

இம்முறை அம்மூன்றில் ஆளுக்கு ஒன்று. கணிதம், தரவு விளக்கம், ஆய்வுத்திறன் ஆகிய நடுத்தரச் சுமைகளில் ஒன்று. கற்பித்தல், தகவல்தொடர்பு, கணினித் தொழில்நுட்பம் என்னும் எளியவற்றில் ஒன்று. பிரித்தவன் நான் என்பதால் கடைசியாக எடுத்துக்கொள்கிறேன்.”

காலையில் ஒரு தோழி கேட்டார்: “தருக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதானே? மீண்டும் நீங்களே எடுத்தால் நேரம் மிச்சமாகுமே?”

நியாயமான கேள்விதான். ஆனால் என் குறிப்பைப் படித்த இருவருமே மாதிரித் தேர்வில் பிரமாண வினாக்களைத் தவறவிட்டார்கள். குறிப்பு எழுதியவருக்கே பாடம் பதிகிறது. தேர்வறைக்குள் மூவரும் தனித்தே செல்கிறோம்.

சிறிது நேரம் கழித்து அவரே எழுதினார்: “தருக்கம் எனக்கு.”