ஆறு படம், ஒரே வரி

"மருந்து அடிச்சும் கேக்கல சார் பக்கத்து வயலும் இப்பிடித்தான் என்னா பண்றது." இந்த ஒரு வரியும், சேர்த்து அனுப்பிய ஆறு படங்களும். காவிரிக் கடைமடையில் சம்பா பருவத்தில் என் போனுக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த மாதிரிதான் இருக்கும். எந்த மருந்து, எப்போது அடித்தது, ஆறில் எது அவர் வயல், எது பக்கத்து வயல் என்று எதுவும் அதில் இருக்காது. பயிர் நோய் பார்ப்பது ஒரு வேலை. அதற்கு முன்னால், வந்த படங்களை அவற்றின் இடத்தில் வைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைப் பற்றி யாரும் பாடம் நடத்துவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

வந்த வரிசையைச் சொல்கிறேன். முதலில், ஓரத்தில் மஞ்சள் மணிகள் அரும்பிய ஓர் இலை. அடுத்து, கதிர் வெளிவந்து இலையெல்லாம் வைக்கோல் நிறத்தில் கருகிய ஒரு வயல். மூன்றாவது, விளிம்பு மஞ்சளாகிய ஓர் இலை உள்ளங்கையில். நான்காவது, பச்சை வயல். வாய்க்கால் மடைப் பக்கம் மட்டும் வெளிறிய ஒரு திட்டு. ஐந்தாவது, ட்ரைசைக்ளசோல் 75 சதவீதத் தூள் என்று அச்சிட்ட பாக்கெட், 120 கிராம். ஆறாவது, கண் வடிவப் புள்ளிகள் விழுந்த ஓர் இலை.

இந்த வரிசையை அப்படியே நம்பினால் கருகிய வயல் பச்சையாகிவிட்டது என்று வரும். "கேக்கல" என்று எழுதியவர் அதைச் சொல்ல மாட்டார். போனின் கேலரியில் புதிய படம்தான் மேலே இருக்கும். அனுப்புகிறவர் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவார். வாட்ஸ்அப் தொட்ட வரிசையில்தான் அனுப்பும். ஆகவே கடைசியில் எடுத்தது முதலில் வந்து நிற்பது சகஜம்.

சரி, தலைகீழாக்கிப் பார்ப்போம். இலையில் புள்ளி வந்தது, மருந்து வாங்கி அடித்தார், வயல் ஓரளவு பச்சையாக இருந்தது, விளிம்பு மஞ்சளானது, கடைசியில் கதிர் வந்த நேரத்தில் முழுக்கக் கருகிவிட்டது. அவர் எழுதிய வரியோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பொருந்துகிறது என்பதற்காக நம்பிவிட முடியாது. இந்தக் கதை உண்மையென்றால் அவர் வயலில் செய்வதற்கு இனி அதிகம் இல்லை. கண்ணாடி இலை வெளிவந்த பிறகு நெல்லில் புது இலை வராது. கருகிய இலையும் மறுபடி பச்சையாவதில்லை. "இருக்கிறதை அறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முடிக்க வேண்டியதுதான். இவ்வளவு பெரிய தீர்ப்பை கேலரி வரிசையை மட்டும் நம்பிச் சொல்லக் கூடாது.

படக் கோப்பின் பெயரைப் பார்க்கலாமே என்பார்கள். IMG-20231212-WA0007.jpg என்பதுபோல ஒரு பெயர் இருக்கும். அதில் உள்ள தேதி படம் வாட்ஸ்அப்பில் வந்துபோன நாளே தவிர, எடுத்த நாள் அல்ல. சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது அளவு சுருங்குவதோடு, எடுத்த நேரம், இடம் ஆகிய குறிப்புகளும் உள்ளேயிருந்து உதிர்ந்துபோகும். டாகுமென்டாக அனுப்பினால் அவை தங்கும். வயல் வரப்பில் நிற்கிறவரிடம் இதை விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை உண்டு, அவருக்கு இருக்காது. அதனால் படத்தில் இருப்பதைக் கொண்டே முடிந்தவரை போவேன்.

நான் முதலில் தேடுவது ஒரே திசையில் மட்டும் நகரும் விஷயங்களை. நிறத்தை நம்ப மாட்டேன். காலை வெயிலுக்கு எதிரே பிடித்தால் நல்ல பச்சை இலைகூட மஞ்சளாகத் தெரியும். போன் கேமரா தன் விருப்பத்துக்கு நிறத்தைச் சரிசெய்து வேறு கொடுக்கும். தண்ணீர் மட்டமும் உதவாது, இன்று வற்றும், நாளை நிறையும். பயிரின் பருவம் பின்னால் போகாது. கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து கதிர் வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். பச்சை வயல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தொண்டைக்கதிர்கூட இல்லை. கருகிய வயலில் கதிர் முழுக்க வெளியே வந்து தலை சாயத் தொடங்கியிருக்கிறது. ஒரே வயல் என்றால் இரண்டு படத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று, நான்கு வாரம் ஓடியிருக்க வேண்டும்.

ஓடியதா என்பதற்குச் சாட்சி சொன்னது ஒரு கட்டைவிரல். உள்ளங்கையில் இலை வைத்த படத்தில் நகத்தின் இடது ஓரமாகப் பிறை வடிவில் சேறு காய்ந்திருந்தது. மணி அரும்பிய இலையைப் பிடித்த விரலிலும் அதே இடத்தில், அதே பிறை. சேறு மூன்று வாரம் அப்படியே நிற்காது. இரண்டு இலையிலும் பனி ஈரம். இரண்டும் ஒரே காலையில் எடுத்தவை. உள்ளங்கை இலைக்குப் பின்னால் தெரிவது வெறும் பச்சைத் தாள்கள். மணி அரும்பிய இலையின் பின்னால், கலங்கலாக, கதிர்கள். ஆக, ஒரே காலையில் கதிர் வந்த வயலிலும் கதிர் வராத வயலிலும் அவர் நின்றிருக்கிறார். வயல் இரண்டு.

மின்கம்பம் இதை உறுதிசெய்தது. இரண்டு வயல் படத்திலும் பயிருக்கு அப்பால் ஒரு கம்பம் நிற்கிறது. பச்சை வயலில் அதன் ஸ்டே கம்பி வலப்பக்கம் இறங்குகிறது, கருகிய வயலில் இடப்பக்கம். கம்பத்துக்கு எதிரெதிர்ப் பக்கம் நின்று எடுத்தால்தான் கம்பி இப்படி மாறும். இரண்டிலும் பயிர் அவருக்கும் கம்பத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது என்பதால், கம்பத்துக்கு இந்தப் புறம் ஒரு வயல், அந்தப் புறம் ஒன்று. வெயிலும் ஒத்துப்போகிறது: ஒன்றில் அவர் நிழல் அவருக்கு முன்னால் பயிர்மேல் நீளமாக விழுகிறது, மற்றதில் வெயில் நேராகக் கேமராவுக்குள் அடிக்கிறது. (இந்த மாதிரி நேரங்களில் மின்வாரியத்துக்கு மனதுக்குள் நன்றி சொல்வேன். கம்பம், தென்னை, மோட்டார் கொட்டகை, இவை இல்லாத வெறும் பயிர்ப் படம்தான் என்னைத் திணற வைக்கும்.)

மிச்சம் பாக்கெட்டும் புள்ளி இலையும். பாக்கெட் டியூப் லைட் வெளிச்சத்தில், மூலை வெட்டாமல், கண்ணாடி மேசைமேல். கடையில் எடுத்ததாக இருக்கலாம். எப்படியும் அடிப்பதற்கு முன்பு எடுத்தது. புள்ளி இலையின் படம் மற்றவற்றைவிட மங்கல். விளிம்புகளில் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது, பல கை மாறி வந்த படத்துக்கு அதுதான் அடையாளம். ஒரு மூலையில் அச்செழுத்தின் மேல்பாதி வேறு. ஏதோ கையேட்டிலிருந்து எடுத்த குலைநோய்ப் படம். இவர் வயல் இலையே அல்ல.

இப்போது வரிசை வேறாகிறது. யாரோ குலைநோய்ப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள், அதை நம்பி பாக்கெட் வாங்கியிருக்கிறார், அடித்திருக்கிறார். சில நாள் கழித்து ஒரு காலையில் தன் வயலைத் தூரத்திலும் கிட்டத்திலும் எடுத்துவிட்டு, கம்பத்தைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வயலையும் அதேபோல எடுத்திருக்கிறார். நான்கு வயல் படங்களுக்கு நடுவே ஓடியது வாரங்கள் அல்ல, சில நிமிடங்கள்தான். ஒரு வயலின் முன்னும் பின்னும் என்று தோன்றியது உண்மையில் இரண்டு வயலின் இங்கும் அங்கும். பல படம் சேர்ந்து வந்தாலே நாம் அதைக் காலவரிசை என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது நடந்துபோன வழியாக இருக்கிறது.

கேட்க வேண்டியது பாக்கி இருந்தது. "விவரமாச் சொல்லுங்க" என்று கேட்டால் மறுபடி அதே வரிதான் வரும். "ரெண்டாவது படம் யாரு வயல்?" என்றும் கேட்க மாட்டேன், எனக்கு இரண்டாவது அவருக்கும் இரண்டாவதுதான் என்று எப்படிச் சொல்வது? கருகிய வயல் படத்தையே விரலால் தள்ளி, அதன்மேல் பதிலாகக் கேட்டேன்: "இதுதானே பக்கத்து வயல்? அவர் வயல் தண்ணி வடிஞ்சு உங்க மடைக்கு வருதா?" உடனே குரல் பதிவு வந்தது. "ஆமா சார், அவரு முந்தி நட்டவரு. மழையில அவரு தண்ணிதான் நமக்கு எறங்குது."

வெளிறிய திட்டு ஏன் மடைப் பக்கம் இருந்தது என்பது அதோடு விளங்கியது. நுனியிலிருந்து விளிம்பு வழியாக அலையலையாக இறங்கும் மஞ்சள், காலையில் இலை ஓரத்தில் அரும்பும் மஞ்சள் மணி, இரண்டும் பாக்டீரியா இலைக்கருகல் நோயின் குறிகள். பனித்துளி கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், இது கலங்கல். காற்றோடு வரும் மழையும் வயலுக்கு வயல் பாயும் தண்ணீரும் இதைப் பரப்பும். ட்ரைசைக்ளசோல் குலைநோய்ப் பூஞ்சாணத்துக்கான மருந்து. பாக்டீரியாவிடம் அதற்கு வேலையில்லை. கேட்காமல் போனதில் வியப்பில்லை.

ஆனாலும் படத்தை வைத்து மட்டும் முடிக்கவில்லை. அவர் வயலின் மஞ்சள் இலையை, நல்ல பகுதியும் கருகிய பகுதியும் சேரும் இடத்தில் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டுவாய் நனைய நிறுத்தி, சில நிமிடம் கழித்து வெளிச்சத்துக்கு எதிராக ஒரு படம் எடுக்கச் சொன்னேன். பக்கத்து வயல் இலை வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். வந்த படத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல ஒரு கசிவு தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. பூஞ்சாணமோ சத்துக் குறைவோ என்றால் அந்த நூல் வராது. அதே வயலில் குலைநோய் கொஞ்சமும் இல்லை என்று மட்டும் இந்தச் சோதனை சொல்லாது. அதற்குப் புள்ளியுள்ள இலை இருந்தால் தனியாக அனுப்பச் சொன்னேன். தேடிப் பார்த்து இல்லை என்றார்.

வயல் கதிருக்கு முந்திய பருவம் என்பதால் செய்ய நிறைய இருந்தது. பக்கத்து வயல் தண்ணீர் இறங்கும் மடையை அடைத்து அதை வடிகாலுக்குத் திருப்ப வேண்டும். தன் வயலில் தேங்கியதை வடிக்க வேண்டும். அடுத்து போட வைத்திருந்த யூரியாவை நிறுத்திவைக்க வேண்டும். தழைச்சத்து கூடினால் இந்த நோய் துள்ளும். மஞ்சளைப் பார்த்து யூரியா போடுவது பலருக்கும் கைப்பழக்கம். பசுஞ்சாணக் கரைசல் தெளிக்கும் முறையை வேளாண் அலுவலகத்தில் கேட்டு, அளவு தெரிந்துகொண்டு அடிக்கச் சொன்னேன். பாக்கெட்டில் மிச்சம் இருந்ததை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

படம் அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்தின் கீழேயும் "என் வயல்" அல்லது "பக்கத்து வயல்", எடுத்த தேதி, இவ்வளவு எழுதினால் போதும். முதலில் தூரத்துப் படம், அதில் கம்பமோ மரமோ தெரியட்டும்; பிறகு கிட்டத்துப் படம். யாரோ அனுப்பிய படம் இருந்தால் "இது வந்த படம்" என்று சொல்லிவிடுங்கள். எழுத வரவில்லையென்றால் படத்துக்கு ஒன்றாகக் குரல் பதிவு போடுங்கள். மருந்து வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பே அனுப்பினால் இன்னும் நல்லது.