சாம்பார் அண்டாவை யார் தூக்குவது?

கோவைக்கு வெளியே ஒரு கல்லூரி விடுதியின் சமையற்கூடம். மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு சமையல்காரர்களுக்குப் பாதுகாப்புத் தேர்வு நடந்தது. பயிற்சியாளர் வாயால் கேட்பார், இவர்கள் கையால் செய்து காட்ட வேண்டும்.

கத்திப் பகுதி சீக்கிரம் முடிந்தது. விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்குவது எல்லாருக்கும் பழகியதுதான். பயிற்சியாளர் மரக்கரண்டி ஒன்றை மேசை விளிம்பிலிருந்து தட்டிவிட்டு, "இது கத்தி" என்றார். ஒரு இளைஞர் சட்டென்று பிடித்துவிட்டார். விழுகிற கத்தியை விழ விட்டுக் காலைப் பின்னால் இழுக்க வேண்டும். அவரை மறுபடி செய்யச் சொன்னார்கள்.

அடுத்தது அண்டா. முப்பது லிட்டர் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். தண்ணீர் 30 கிலோ, பாத்திரம் 8 கிலோ. "ரெண்டு பேர் தூக்கிடலாம் சார், தினமும் தூக்கறதுதானே" என்றார் மூத்த மாஸ்டர்.

பயிற்சியாளர் கணக்குப் போட்டார். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு தரும் வழிகாட்டி அளவுப்படி, இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்தால் ஒரு ஆண் 25 கிலோ தூக்கலாம். கையை நீட்டிப் பிடித்தால் 15தான். இருவர் சேர்ந்தால் இரண்டு மடங்கு தூக்க முடியாது. ஆளுக்கு ஆள் அடி ஒத்துப்போகாததால், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கையே கணக்கில் கொள்ள வேண்டும்.

கொதிக்கும் சாம்பாரை யாராவது வயிற்றோடு அணைத்துத் தூக்குவார்களா? சூடு கையை நீட்ட வைக்கிறது. கை நீண்டதும் பளு இடுப்பில் இறங்குகிறது. அப்படியானால் இருவருக்கும் சேர்த்து 20 கிலோதான். பாத்திரம் போக மிஞ்சுவது 12 லிட்டர் சாம்பார். கீழ் அடுப்பிலிருந்து குனிந்து எடுத்தால் அதுவும் குறையும். ஆகவே அண்டாவை அடுப்பிலேயே விட்டுவிட்டு, சின்ன தூக்குகளில் மொண்டு கொண்டுபோவதே சரியான விடை. மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

தீக்காயமும் வழுக்கலும் இடுப்புப் பிடிப்பும் தனித்தனிக் கேள்விகளாகத்தான் வந்தன. சமையற்கூடத்தில் அவை ஒன்றாகவே வருகின்றன என்பது என் எண்ணம். ஒருவர் ஈரத்துணியால் அண்டாவின் காதைப் பிடிக்கிறார், சூடு ஈரத்தின் வழியே நொடியில் கைக்கு ஏறுகிறது, பிடி தளர்கிறது, காலடியில் தாளித்த எண்ணெய் சிந்திக் கிடக்கிறது. தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் பரவத்தான் செய்யும். மாவோ உப்போ தூவி வழித்தெடுத்து, சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, உலரத் துடைக்க வேண்டும்.

சுட்டுக்கொண்டால்? மோதிரம், காப்பைக் கழற்றிவிட்டு 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள்.

"இருபது நிமிஷம் நான் குழாயடியில நின்னா பரிமாறல யார் பார்ப்பா?" என்று ஒரு அக்கா கேட்டார். அந்தக் கேள்வி சமையல்காரருக்கு உரியதல்ல. ஆள் கணக்குப் போடுகிற ஒப்பந்தக்காரர் பதில் சொல்ல வேண்டியது. அவர் அன்று வரவில்லை.