அம்மை லீவு லெட்டர்

"மதிப்பிற்குரிய வகுப்பாசிரியர் அவர்களுக்கு" என்று எழுதிவிட்டு அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். மூன்றாம் வகுப்பு மகள் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகத்தை ஒட்ட வெட்டி, காலமைன் தடவி, வேப்பிலைக் கொத்தால் வருடியும் அரிப்பு அடங்கவில்லை.

"காய்ச்சல் காரணமாக" என்று எழுதிவிடலாம். பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். இவர் உள்ளதை எழுதினார்: புதன்கிழமை காலை வயிற்றில் நாலைந்து நீர்க்கொப்புளங்கள், மாலைக்குள் முகம் வரை. டாக்டர் சின்னம்மை என்றார்.

அடுத்த வரிதான் முக்கியம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அம்மை அடுத்தவருக்குத் தொற்றும். திங்களும் செவ்வாயும் மகள் வகுப்பில்தான் இருந்தாள். தொற்றிய பிறகு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். ஆகவே, பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் வீட்டில் மூன்று வாரம் கவனிக்கச் சொல்லுங்கள் என்று எழுதினார். கர்ப்பிணி ஆசிரியைகள் யாரும் இருந்தால் அவர்களிடமும் சொல்லச் சொன்னார்.

எத்தனை நாள் லீவு? தேதி போடவில்லை. புதுக் கொப்புளம் நின்று, இருப்பவை எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே அனுப்புவேன் என்றார். பெரும்பாலும் ஒரு வாரம். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளைப் பாட்டி ஏற்கெனவே காலண்டரில் குறித்துவிட்டார். ஆனாலும் அம்மா தினமும் பார்ப்பது மகளின் முதுகை.

கடைசியில், "வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பவும்." அதை மட்டும் அடித்துவிடச் சொல்லி மகள் இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.