தீர்ப்பை எழுதாத குறிப்புப் புத்தகம்

நானுஓயாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் செக்ரோல் எழுதும் வேலை பார்த்தேன். அங்கே முகாமையாளராக இருந்தவர் என் உடையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் கல்யாணம் ஆகாத நிலையைப் பற்றியும் அடிக்கடி ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கை என் மேல் பட்டதில்லை. சத்தம் போட்டதும் இல்லை. சிரித்துக்கொண்டே சொல்வார், போய்விடுவார். தனித்தனியாக எடுத்துச் சொன்னால் "இதுக்கெல்லாமா புள்ள?" என்று கேட்கக்கூடிய பேச்சுகள். மாதக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தபோது ஆபிஸ் வாசலை மிதிக்கவே கால் கூசியது.

தொழிற்சங்கத்தில் மாதர் பொறுப்பில் இருந்த ஓர் அக்காவிடம் ஹற்றனில் போய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: "என்னைக்கு, எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை சொன்னாரு?" பிறகு சொன்னார்: "செக்ரோலை எப்படி எழுதுற? அப்படியே எழுது."

அது எனக்கு உடனே விளங்கியது. செக்ரோலில் யாரையும் சோம்பேறி என்று எழுதுவதில்லை. பெயர், நாள், மலை இலக்கம், பறித்த கொழுந்தின் நிறை, முழுப்பேரா அரைப்பேரா, அவ்வளவுதான். பிழை வந்தால் ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் சின்னக் கையொப்பம் வைப்போம், அழிப்பதில்லை. அதனால்தான் சம்பளச் சண்டை வரும்போது எல்லாரும் அந்தப் புத்தகத்தைத் தேடி வருகிறார்கள்.

தாள் கழற்ற முடியாத ஒரு பயிற்சிப் புத்தகம் வாங்கிப் பக்கங்களுக்கு இலக்கமிட்டேன். வீட்டில் மட்டும் வைத்தேன். ஆபிஸ் மேசையிலோ ஆபிஸ் கம்பியூட்டரிலோ ஒரு வரிகூட வைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், சமையலுக்கு முன், அன்றைக்கே எழுதுவேன். ஒரு பதிவு இப்படி இருந்தது:

"2018 பெப்ரவரி 8, வியாழன். மாலை 3.20 அளவில். ஆபிஸ் உள்ளறை. நான் சம்பளக் கவர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். முகாமையாளர் வந்து கதவருகே நின்றார். 'ஒயா அத ஹரி லஸ்ஸனய்' என்றார். (இன்று நீ மிகவும் அழகாக இருக்கிறாய்.) பிறகு தமிழில், 'ராத்திரியில தனியா எப்படித் தூங்குற?' என்றார். நான் சிரித்தேன். பதில் சொல்லவில்லை. அவர் இரண்டு மூன்று நிமிடம் நின்று போனார். அறையில் வேறு யாரும் இல்லை. கை நடுங்கியது, கவர்களைத் திரும்ப எண்ண வேண்டியிருந்தது. இரவு 7 மணிக்கு அக்காவுக்குப் போனில் சொன்னேன்."

'கெட்ட எண்ணத்தோடு', 'வழக்கம்போல', 'தொல்லை கொடுத்தார்' என்ற சொற்கள் இதில் இல்லை. அவர் மனதில் என்ன இருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அவர் நின்ற இடத்தைப் பார்த்தேன், சொன்ன வார்த்தையைக் கேட்டேன். எண்ணத்தைப் பற்றி எழுதியிருந்தால், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற ஒரு கேள்வியில் அந்த வரி விழுந்துவிடும், அதோடு சேர்ந்து உண்மையான வரியும் ஆட்டம் காணும். அவர் சிங்களத்தில் சொன்னதைச் சிங்களமாகவே எழுதி, பொருளை அடைப்புக்குறிக்குள் போட்டதும் இதற்காகத்தான். என் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தாலும் அவர் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கும்.

எழுதக் கஷ்டமாக இருந்த வரி 'நான் சிரித்தேன்' என்பது. பயத்தில் வந்த சிரிப்பு அது. பயம் என்று விளக்கம் எழுதவில்லை. கை நடுங்கியதை எழுதினேன். நமக்குப் பாதகமாகத் தெரிவதையும் எழுத வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாட்சி இல்லாத இடத்தில் 'யாரும் இல்லை' என்றே எழுதினேன். அவர் மரியாதையாக நடந்து, வேலையைப் பற்றி மட்டும் பேசிய நாட்களைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டேன். ஒவ்வொரு நாளையும் நிரப்பப் பார்க்கவில்லை.

புத்தகம் தொடங்குவதற்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய திகதி போடவில்லை. 'இன்று எழுதுகிறேன். நடந்தது தைப்பொங்கலுக்கு முந்திய வாரம், கிழமை நினைவில்லை' என்று முதல் பக்கத்தில் எழுதினேன். ஒரே ஒரு திகதி பொய் என்று தெரிந்தாலும் மற்ற எல்லாத் திகதிக்கும் அந்தக் கறை ஒட்டிக்கொள்ளும்.

முறைப்பாடு கொடுத்து, கம்பனி விசாரணை நடந்தபோது அவர் எல்லாவற்றையும் மறுத்தார். மார்ச் 21 புதன்கிழமை தான் தோட்டத்திலேயே இல்லை, நுவரெலியாவுக்குக் கூட்டத்துக்குப் போயிருந்ததாகச் சொன்னார். என் பதிவில், 'காலை 8.40. ஜீப் வாசலில் நின்றது. கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு வவுச்சரில் கையெழுத்து வைக்க வந்தார்' என்று இருந்தது. ஜீப்பின் ஓட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்கள். 9.10க்குத்தான் புறப்பட்டிருந்தது. வவுச்சரிலும் அன்றைய திகதியில் அவர் கையெழுத்து இருந்தது. அந்தக் காகிதங்களை நான் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. ஆபிஸ் ஆவணத்தை வெளியே கொண்டுபோனால் குற்றம் என் பக்கம் திரும்பும். எதைத் தேட வேண்டும் என்று மட்டும் என் குறிப்பு காட்டியது.

"நீயும் சிரித்தாயே?" என்ற கேள்வியும் வந்தது. "ஆமாம், எழுதியிருக்கிறேன்" என்றேன். அதற்கு மேல் அந்தக் கேள்வியை அவர்களால் நீட்ட முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டது. வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் விரும்பத்தகாத முறையில் சொல்லாலோ செயலாலோ பாலியல் ரீதியாக நெருங்குவதும் அதன்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆகவே கை படவில்லை என்பதால் முறைப்பாடு செய்ய முடியாது என்பதில்லை. சம்பவம் நடந்தபோதோ, நினைவு மங்கும் முன்போ தான் எழுதியதைப் பார்த்து ஒரு சாட்சி நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 161ஆம் பிரிவு, அந்த எழுத்தைப் பார்க்கவும் அதிலிருந்து குறுக்குக் கேள்வி கேட்கவும் எதிர்த்தரப்புக்கு உரிமை கொடுக்கிறது. நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் எதிர்த்தரப்பு ஒருநாள் படிக்கக்கூடும். ஆத்திரத்தைக் கொட்ட வேறு புத்தகம் வேண்டும், அல்லது ஒரு தோழி வேண்டும்.

இந்தப் புத்தகம் எல்லாவற்றையும் நிரூபிக்கவில்லை. சாட்சி இல்லாத பதிவுகளில் பலவற்றை 'உறுதி செய்ய முடியவில்லை' என்று விசாரணை அதிகாரி எழுதினார். பெப்ரவரி 8உம் அதில் ஒன்று. ஆனாலும், அக்காவுக்கு அன்றிரவே போன் பண்ணியதை அவரும் வந்து சொன்னதால், நான் பின்னால் கட்டிய கதை என்ற வாதம் எடுபடவில்லை. பல மாதமாக ஒரே விதமான பேச்சு, ஒரே அறை, நான் தனியாக இருக்கும் நேரம் என்ற ஒழுங்கை நான் சுட்டிக்காட்டவில்லை; பதிவுகளை வரிசையாகப் படித்த விசாரணை அதிகாரியே அதை அறிக்கையில் எழுதினார். முகாமையாளர் இடம் மாற்றப்பட்டார். எனக்கு அது போதவில்லை. ஆனால் அந்த ஆபிஸில் நான் வேலையைத் தொடர முடிந்தது.

கொழுந்து மலையிலோ, பிள்ளை மடுவத்திலோ, ஆபிஸிலோ இப்படிப் பேச்சுக் கேட்டுக்கொண்டிருக்கும் தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. கை வைத்தாலோ, வழி மறித்தாலோ, மிரட்டினாலோ குறிப்பு எழுதிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். உடனே பொலிசுக்குப் போங்கள், அல்லது பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு அழையுங்கள். பேச்சாக மட்டும் இருந்தால் இன்றிரவே தொடங்குங்கள். நாள், நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை, நீங்கள் செய்தது, யார் இருந்தார்கள், யாரிடம் சொன்னீர்கள். எழுதத் தெரியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி எழுதுவித்து, யார் எழுதினார் என்பதையும் கீழே போடச் சொல்லுங்கள். அப்படிப் பேசியவர் எப்படிப்பட்டவர் என்று நீங்கள் எழுத வேண்டாம். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் படித்து முடிவு செய்யட்டும்.