ஆவணம் கேட்காத கடன் எதைக் கேட்கிறது?

தையல் மிஷினைச் சரிசெய்ய என் சித்தி மகளுக்கு 5,000 ரூபாய் வேண்டியிருந்தது. ‘ஆவணம் தேவையில்லை, ஐந்தே நிமிடத்தில் பணம்’ என்றது அவள் கண்டுபிடித்த இணையதளம். “அண்ணா, விண்ணப்பிக்கட்டுமா?” என்று கேட்டாள்.

அவளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அனுமதி 5,000. கட்டணம் என்று 2,000 பிடித்துக்கொண்டு கைக்கு வருவது 3,000. ஏழாம் நாள் கட்ட வேண்டியதோ முழு 5,000. மூவாயிரத்துக்கு ஒரு வாரத்தில் இரண்டாயிரம் வட்டி!

சம்பளச் சீட்டும் பார்க்காமல், ஜாமீனும் கேட்காமல் இவர்கள் எந்தத் துணிச்சலில் பணம் தருகிறார்கள்? போனில் இருக்கும் எண்கள்தான் அவர்களுக்கு அடமானம். இணையதளம் தானாக அந்த எண்களை அள்ளிவிட முடியாது. அதனால்தான் பிளே ஸ்டோரில் இல்லாத ஓர் ஆப்பைத் தன் பக்கத்திலிருந்தே இறக்கச் சொல்கிறது. நிறுவியதும் தொடர்புகளையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். தவணை தவறினால் மாமியாருக்கும் வாடிக்கையாளருக்கும் போன் போகும், சில நேரம் வெட்டி ஒட்டிய படமும் போகும்.

ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிகளின்படி, கடன் ஆப் உங்கள் தொடர்புப் பட்டியலையோ அழைப்புப் பதிவையோ தொடக் கூடாது. அடையாளம் சரிபார்க்க கேமரா, இருப்பிடம் போன்றவற்றை உங்கள் சம்மதத்தோடு ஒரு முறை பயன்படுத்தலாம், அவ்வளவுதான். ஆகவே தொடர்புகளைக் கேட்டாலே அங்கேயே நிறுத்திவிடலாம்.

கடன் கொடுப்பது எந்த வங்கி அல்லது நிதி நிறுவனம் என்று அடுத்து தேடினோம். பக்கத்தின் அடியில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. ரிசர்வ் வங்கியின் பட்டியலிலும் அது இருந்தது. “அப்போ சரிதானே அண்ணா?” என்றாள். பெயரை யாரும் திருடிப் போட்டுக்கொள்ளலாமே! அதனால் அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்தோம். தங்களுக்காகக் கடன் தரும் ஆப்களின் பட்டியலை அங்கே வெளியிட வேண்டும் என்பது விதி. இந்த ஆப் அதில் இல்லை.

முறையாகக் கடன் தருகிறவர் பான், ஆதார் போன்ற அடையாளத்தைச் சரிபார்க்காமல் தரவே முடியாது. வருமானச் சான்று வேண்டாம் என்று சொல்லலாம்; அடையாளமே வேண்டாம் என்பது பொய். கையெழுத்துக்கு முன்பே, எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும் விவர அறிக்கையையும் அவர் தர வேண்டும்.

ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பை நீக்கினாலும் போன எண்கள் திரும்பாது. மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், மிரட்டுகிறவர்கள் அழைப்பதற்கு முன்பே உறவினர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பயந்து இன்னோர் ஆப்பில் கடன் வாங்கி இதை அடைக்காதீர்கள்.