“சேர்ச் வேலை செய்யுதில்லை”: ஒரு முறைப்பாடு, மூன்று டிக்கெட்

பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் பண்ணி ஒரு தளத்தில் ஏற்றும் வேலையை நண்பர்கள் சிலர் சேர்ந்து போன வருடம் தொடங்கினோம். இப்போது ஏழு பேர். ரெண்டு பேர் கோட் எழுதுவார்கள். மற்ற ஐந்து பேரும் என்னைப் போல கலைப்பீடம். ஸ்கேன், தட்டச்சு, பிழைதிருத்தம், வாசகருக்குப் பதில் எழுதுவது எல்லாம் எங்கட பக்கம். யாருக்கும் சம்பளம் இல்லை. செய்யவேண்டியவை எல்லாம் வட்ஸ்அப் குரூப்பில் கிடந்து, கிழமைக்கு ஒன்றாவது தொலைந்துபோகும். அதனால்தான் போன மாதம் ஜிராவுக்கு மாறினோம்.

ஜிராவில் புதிதாக ஒரு டிக்கெட் திறந்தால், அது என்ன வகை என்று தெரிவு செய்யவேண்டும். திரையில் Bug, Story, Task, Epic என்று நாலு சொல் வரும். ஆளாளுக்குத் தோன்றியதைத் தட்டிவிட்டுத் தலைப்பை எழுதினார்கள். முதல் கிழமை முடிய எங்கட பலகையில் 23 பக் இருந்தது. கோட் எழுதும் அண்ணா அதைப் பார்த்துவிட்டுக் குரூப்பில் ஒரே ஒரு வரி போட்டார்: “அப்ப நான் செய்ததெல்லாம் பிழையோ?”

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஜிராவைப் பொறுத்தவரை வகை என்பது ஒரு சின்னப் படமும் நிறமும்தான். மனிதர்களுக்கு அப்படி இல்லை. பக் என்றால் ‘நீங்கள் தருவதாகச் சொன்னது வரவில்லை’ என்று அர்த்தம். ஸ்டோரி என்றால் ‘இதுவரை யாரும் சொல்லாத ஒன்று வேணும்’ என்று அர்த்தம். டாஸ்க் என்றால் வாசகருக்கு நேரே தெரியாத, ஆனாலும் யாராவது செய்தே ஆகவேண்டிய வேலை. எபிக் என்பது ஒரே நோக்கத்துக்காகச் சேர்ந்த பல டிக்கெட்டுகளின் பொதி. ஆக, வகையைத் தெரிவு செய்யும்போது யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அந்த 23க்குள் மூன்று டிக்கெட்டின் தலைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்: “சேர்ச் வேலை செய்யுதில்லை”. மூன்றையும் திறந்து பார்த்தால் மூன்றும் வேறு வேறு.

முதலாவது, ஒரு வாசகர் போனில் ‘கொழும்பு’ என்று தட்டியிருக்கிறார். நாலு இதழ்தான் வந்தது. ஆனால் பட்டியலைக் கீழே உருட்டிப் பார்த்தால் தலைப்பில் ‘கொழும்பு’ உள்ள இதழ்கள் பதினொன்று. தேடலைச் செய்தபோது நாங்கள் எழுதி ஒப்புக்கொண்ட வரி இது: தலைப்பில் உள்ள ஒரு சொல்லைத் தட்டினால் அந்த இதழ் வரவேண்டும். வரவில்லை. எனவே இது பக்.

காரணம் தமிழ் எழுத்திலேயே இருந்தது. யூனிகோடில் ‘கொ’வை ரெண்டு விதமாக எழுதலாம். ஒன்று, ககரத்தோடு ‘ொ’ என்ற ஒரே குறி. மற்றது, ககரத்தோடு ‘ெ’ ஒரு குறி, ‘ா’ இன்னொரு குறி. கண்ணுக்கு ரெண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு.

```
>>> import unicodedata
>>> a = "\u0b95\u0bca"
>>> b = "\u0b95\u0bc6\u0bbe"
>>> a == b
False
>>> unicodedata.normalize("NFC", b) == a
True
```

பழைய எழுத்துருவில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகள். அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபோது ஏழு தலைப்புகளில் அவை பிரிந்தபடியே வந்துவிட்டன. வாசகரின் போன் தட்டியது சேர்ந்த வடிவம். திருத்தம் ஒரு வரிதான்: தேடும் சொல்லையும் சேமிக்கும் தலைப்பையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. ஆனால் ஏற்கெனவே சேமித்த தலைப்புகளையும் மாற்றும்வரை இந்த டிக்கெட்டை மூடக்கூடாது. கோட் சரி என்றாலும், அதுவரை வாசகருக்கு நாலு இதழ்தான் வரும்.

இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்க, பக் டிக்கெட்டில் மூன்று விஷயம் இருந்தால் போதும். என்ன செய்தேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது. எந்தப் போன், எந்தக் கீபோர்ட் என்பதும் இருந்தால் நல்லது. ‘என்ன வரவேண்டும்’ என்ற வரிதான் இங்கே சோதனை. அந்த வரியை நிரப்பும்போது ‘இப்படி வந்தால் நல்லா இருக்கும்’ என்று எழுத வந்தால், கையில் இருப்பது பெரும்பாலும் பக் இல்லை.

இரண்டாவது டிக்கெட்டில் அதுதான் நடந்தது. வேறொரு வாசகர் ‘மரம்’ என்று தேடியிருக்கிறார். தலைப்பில் ‘மரத்தில்’, ‘மரங்கள்’ என்று உள்ள இதழ்கள் வரவில்லை. அவரைக் கேட்டால் தேடல் பழுது. ஆனால் தலைப்பில் அப்படியே உள்ள சொல் வரும் என்பதைத் தவிர நாங்கள் வேறு எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்பது புது வசதி, அதாவது ஸ்டோரி. பக்கிலிருந்து வகையை மாற்றி இப்படி எழுதினோம்:

“இதழ் தேடும் வாசகராக, ஒரு பெயர்ச்சொல்லைத் தட்டினால் அது உருபேற்று வரும் தலைப்புகளும் எனக்கு வரவேண்டும். ஒவ்வொரு வடிவமாகத் தட்டிப்பார்க்க என்னால் ஏலாது.”

யார், என்ன வேணும், ஏன் என்ற இந்த அமைப்பு மென்பொருள் உலகில் பிரபலமானது. ஆனால் வாக்கிய அமைப்பு பெரிய விஷயம் இல்லை. ரொன் ஜெஃப்ரீஸ் என்பவர் 2001இல் ஸ்டோரிக்கு மூன்று பகுதி என்று சொன்னார்: அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல். அட்டையில் எழுதியது முழு விவரம் இல்லை, ‘இதைப் பற்றிக் கதைக்கவேணும்’ என்ற ஞாபகக்குறிப்புத்தான். இதை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்த எனக்குக் கஷ்டமே வரவில்லை. ஆங்கிலத்தில் ஸ்டோரி என்றால் சொல்வது. எங்கட தமிழில் கதை என்றால் கதைப்பதும்தான்.

கதைத்தோம். “கடைசி ‘ம்’ஐ வெட்டிவிட்டு ‘மர’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் எடுத்தால் முடிஞ்சுதே” என்றார் அண்ணா. அப்படிச் செய்தால் மரபும் வரும், மரணமும் வரும். தமிழ் படிக்கும் ஒரு தங்கச்சி, மகர ஈற்றுச் சொல் ‘அத்து’ச் சாரியை பெற்று உருபேற்கும், அதால ‘மரத்’ என்பதையும் பன்மைக்கு ‘மரங்’ என்பதையும் மட்டும் பாருங்கோ என்றாள். பரீட்சைக்குப் பாடமாக்கின சாரியை கோடுக்குள் போனது அண்டைக்குத்தான். ‘மரத்துப்போன’ என்று ஒரு தலைப்பு இருந்தால் அதுவும் வந்துவிடுமே என்று இன்னொருவர் கேட்டார். வரட்டும், அதைப் பொறுக்கலாம் என்று முடிவெடுத்தோம்.

அந்தப் பேச்சின் முடிவை டிக்கெட்டில் மூன்று வரியாகப் போட்டோம். ‘மரம்’ தேடினால் ‘மரத்தில்’, ‘மரங்கள்’ வரவேண்டும். ‘மரபு’, ‘மரணம்’ வரக்கூடாது. ‘மரத்துப்போன’ வந்தால் பரவாயில்லை. ஸ்டோரி முடிந்ததா என்று பார்ப்பது இந்த வரிகளை வைத்துத்தான். நாளைக்கு ‘மரபு’ வந்தால் அது பக், ‘மரத்துப்போன’ வந்தால் பக் இல்லை. ஸ்டோரியில் இதை எழுதி வைக்காத குழு, பிறகு பக் டிக்கெட்டில் சண்டை பிடிக்கும்.

மூன்றாவது முறைப்பாட்டில் தேடலுக்குச் சம்பந்தமே இல்லை. ஒரு குறிப்பிட்ட இதழ் எப்படித் தேடியும் வரவில்லை. பார்த்தால் அந்தப் பெட்டியில் உள்ள 40 இதழ்களின் விவரத்தையும் இன்னும் யாரும் தட்டச்சு செய்யவில்லை. உடைந்ததும் ஒன்றுமில்லை, புது வசதியும் ஒன்றுமில்லை. உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை, அதனால் டாஸ்க். டொமைன் புதுப்பிப்பது, பெக்கப் எடுப்பது எல்லாம் இந்த வகைதான். டாஸ்க்குக்கு எழுதவேண்டியது எப்போது முடிந்ததாகக் கணக்கு என்பதுதான்: 40 இதழ்களுக்கும் தலைப்பு, ஆசிரியர், மாதம், ஆண்டு பதிவாகி, வேறொருவர் ஒருமுறை பார்த்திருக்கவேண்டும்.

டாஸ்க்கில் ஒரு பொறி இருக்கிறது. எதையும் டாஸ்க் என்று எழுதலாம். உருபுத் தேடலையே ‘டேட்டாபேஸ் மாற்று’, ‘சேர்ச் பொக்ஸ் திருத்து’, ‘சொற்பட்டியல் செய்’ என்று மூன்று டாஸ்க்காக உடைக்கலாம். அவற்றில் ரெண்டு முடிந்தால் பலகை அழகாக இருக்கும். வாசகருக்கு ஒன்றும் கிடைத்திராது. இப்படியான துண்டுகளை அந்த ஸ்டோரிக்குக் கீழே சப்-டாஸ்க்காகப் போடுவது நல்லது. ஜிராவின் வழமையான அமைப்பில் ஸ்டோரி, டாஸ்க், பக் மூன்றும் ஒரே படியில் நிற்கும். ஒன்றுக்குக் கீழே ஒன்று போகாது. மேலே எபிக், கீழே சப்-டாஸ்க்.

எபிக்கில் நாங்கள் கதைத்தது கொஞ்சம்தான். முதலில் ஒருவர் ‘வெப்சைட்’ என்று ஒரு எபிக் திறந்து எல்லாவற்றையும் அதற்குள் போட்டிருந்தார். அது ஒருநாளும் முடியாது. முடியாத ஒன்று வெறும் அலுமாரி, அதற்கு லேபிள் போதும். இப்போது அந்த எபிக்கின் பெயர் ‘இதழின் பெயர் தெரியாத வாசகரும் தேடிக் கண்டுபிடிக்கலாம்’. மேலே சொன்ன மூன்று டிக்கெட்டும் அதற்குள்தான். உள்ளே உள்ளவை எல்லாம் மூடினாலும் ஜிரா எபிக்கைத் தானாக மூடாது, நாங்கள் தனியாகத் திருப்பி அமைத்தால் ஒழிய. அது நல்லதுக்குத்தான். மூடமுதல் தளத்தைத் தெரியாத ஒருவரிடம் போனைக் கொடுத்துத் தேடச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

இந்தக் கணக்குக்குள் அடங்காதவையும் இருக்கும். சில போன்களில் கீபோர்ட் மேலே வந்து தேடும் பட்டனை மறைக்கிறது. பட்டன் தெரியவேண்டும் என்று யாரும் எங்கேயும் எழுதவில்லை, அதால ஸ்டோரி என்றார் அண்ணா. அதை எழுதித்தான் தெரியவேண்டுமோ என்றார்கள் மற்றவர்கள். யாருமே எழுதாமல் எதிர்பார்ப்பதும் ஒரு வாக்குத்தான் என்று கடைசியில் பக் ஆக்கினோம். இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டோம். ஒரு ஸ்டோரி செய்துகொண்டிருக்கும்போதே அதில் பிழை கண்டால் புது பக் திறப்பதில்லை, அந்த ஸ்டோரியிலேயே எழுதுவது. இன்னும் தராத ஒன்றை உடைந்தது என்று சொல்ல முடியாதே.

23ஐயும் ஒருநாள் பின்னேரம் இருந்து பிரித்தோம். ஒரே புரொஜெக்டுக்குள் வகையை மாற்றினால் டிக்கெட் இலக்கம் மாறாது, குரூப்பில் பகிர்ந்த லிங்க்கும் உடையாது என்பதால் பயமில்லாமல் மாற்றலாம். முடிவில் பக் 8, ஸ்டோரி 6, டாஸ்க் 9. டாஸ்க் ஒன்பதில் ஏழு, கோட் தெரியாத எங்களாலேயே செய்யக்கூடியவை. அதுவரை அவை பக் என்ற பெயரில் ரெண்டே ரெண்டு பேரின் தலையில் கிடந்திருக்கின்றன.