பெஞ்சைக் காணோம்

போன வருடம் சாரல் சீசனில் குற்றாலத்தில் துப்புரவு வேலை பார்த்த ஓர் அக்காவுக்குப் புகார் மனு எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவி போகும் சாலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததற்காக, கடைக்காரர் அவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டி எழுப்பியிருக்கிறார். பிறகு தென்காசியில் உட்கார்ந்து நான் எழுதியது இது:

“சுதந்திரம் பெற்று எழுபத்தைந்து ஆண்டுகள் கடந்தும் சாதியக் கொடுமைகள் தலைவிரித்தாடும் இன்றைய சூழலில், விளிம்புநிலைச் சமூகத்தைச் சேர்ந்த நான் வறுமையின் கோரப்பிடியில் வாழ்ந்து வருகிறேன். இந்நிலையில் மேற்படி எதிரி பலர் முன்னிலையில் என்னைச் சொல்லத்தகாத வார்த்தைகளால் சாதியைச் சொல்லி இழிவாகத் திட்டி மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாக்கினார்.”

வாசித்துக் காட்டினேன். அக்கா கடைசி வரை கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா பெஞ்சைக் காணோமே?” என்றார்.

சமூகவியல் படிக்கும்போது நேர்காணலைப் பேசியது பேசியபடியே எழுதப் பழகியவன் நான். மனு என்றதும் அந்தப் பழக்கம் எங்கோ போய்விட்டது. மேடையில் கேட்டதும் துண்டறிக்கையில் படித்ததும் தானாக வந்து விழுந்தன.

இது வெறும் நடைப் பிரச்சினை இல்லை தோழர்களே. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இழிவுபடுத்துதலையும் சாதிப் பெயரால் திட்டுவதையும் சொல்வது 3(1) பிரிவின் ஆர், எஸ் உட்பிரிவுகள். இரண்டுமே ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடம்’ என்று கேட்கின்றன. வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியாட்கள் யாரும் இல்லாதபோது நடந்தால் அது பொருந்தாது என்று ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் சொன்னது. அப்படியென்றால் எந்த இடம், யார் கேட்டார்கள் என்பதே புகாரின் உயிர். ‘பலர் முன்னிலையில்’ என்ற தேய்ந்த சொல் அந்த இரண்டையும் மூடிவிடுகிறது. ‘சொல்லத்தகாத வார்த்தை’யும் அப்படித்தான். எழுதக் கூசி அந்தச் சொல்லை விட்டுவிடுகிறோம். பிறகு நீதிமன்றக் கூண்டில் அக்கா அதைச் சொன்னால், “மனுவில் இல்லாததை இப்போது சேர்க்கிறீர்கள்” என்பார் எதிர்த்தரப்பு வக்கீல்.

எனவே முதல் வாக்கியத்தை முழுதாக அடித்தேன். எந்தத் தகவலும் குறையவில்லை. மற்ற ஒவ்வொரு தேய்ந்த சொல்லையும் கேள்வியாக மாற்றி அக்காவிடம் கேட்டேன். ‘இந்நிலையில்’ என்றால் எத்தனை மணிக்கு? ‘பலர்’ என்றால் யார் யார்? ‘சொல்லத்தகாத’ என்றால் என்ன சொல்? ‘மன உளைச்சல்’ என்றால் அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்? வந்த பதில்களை வைத்து எழுதியது:

“ஞாயிறு காலை 11 மணி இருக்கும். டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கடைக்கு வெளியே ரோட்டோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரர் வெளியே வந்து, ‘…’ என்று சத்தமாகச் சொன்னார். என்னுடன் வேலை பார்ப்பவரும், எதிரே மங்குஸ்தான் விற்பவரும், டீ குடித்துக்கொண்டிருந்த டூரிஸ்ட்டுகளும் கேட்டார்கள். எழுந்து நின்று டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்தேன். நாலு நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டு போகிறேன்.”

இங்கே புள்ளி வைத்த இடத்தில், மனுவில் அவர் சொன்ன சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுதினோம். உடன் வேலை பார்ப்பவர், பழம் விற்பவர் இருவரின் பெயரும் சேர்ந்தது.

இதிலும் ஒரு தப்பு செய்தேன். ‘கண்ணீருடன் எழுந்து நின்றேன்’ என்று முதலில் எழுதியிருந்தேன். “நான் எங்க தம்பி அழுதேன்? எனக்குக் கோவம்லா வந்துச்சு” என்றார் அக்கா. அடித்துவிட்டேன். வெட்டுவது போலவே முக்கியம், அவர்கள் சொல்லாததைச் சேர்க்காமல் இருப்பது.

எல்லாவற்றையும் வெட்டிவிடவும் கூடாது. அனுப்புநர், பெறுநர், தேதி, எதிரியின் பெயர், இரு தரப்பின் சாதி, கையெழுத்து இவையெல்லாம் இருந்தே ஆக வேண்டும். சடங்கு போலத் தெரிந்தாலும் வழக்குக்குத் தேவையானவை. பிரிவு எண்கள் தெரியாவிட்டால் விட்டுவிடலாம். நடந்ததைச் சரியாகச் சொல்வதுதான் புகார்தாரரின் வேலை.

எழுதி முடித்ததும் பெயரையும் ஊரையும் விரலால் மறைத்துவிட்டு ஒவ்வொரு வாக்கியமாகப் படியுங்கள். வேறு யாருடைய மனுவிலும் அப்படியே பொருந்துகிற வாக்கியம் தட்டுப்பட்டால், அங்கே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. கடைசியில் மனுவை அவர்களுக்கே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதும் காவல் அதிகாரியும் கையெழுத்து வாங்கும் முன் படித்துக் காட்ட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அதிகாரிக்கு உள்ள கடமை நமக்கும் உண்டு.

நிலையத்தில் அக்காவிடம் அரை மணி நேரம் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார்கள். நான் வெளியே நின்றிருந்தேன். அவர் சொன்னதற்கும் மனுவில் இருந்ததற்கும் வித்தியாசம் எதுவும் வரவில்லை.